டீக்கு எவ்வளவு சீனி? முதலில் கரண்டியை அளப்போம்

"டீக்கு ரெண்டு கரண்டி சீனிதான் போடுறேன்" என்று சொல்பவர்களிடம் ஓர் உணவியல் நிபுணர் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கரண்டி என்பதைத்தான். தலை தட்டிய ஒரு டீஸ்பூனில் 4 கிராம் சீனி பிடிக்கும். அதே கரண்டியைக் குவித்து எடுத்தால் 6 கிராமுக்குக் குறையாது, சில வீடுகளில் 7 கூட வரும். சீனி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் கரண்டி பல வீடுகளில் டீஸ்பூனே அல்ல, அதைவிடப் பெரியது. ஆகவே "ரெண்டு கரண்டி" என்பது ஒரு வீட்டில் 8 கிராம், அடுத்த வீட்டில் 14 கிராம்.

தராசு இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியைக் கழுவித் துடைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 மி.லி. கோடு வரை சீனி நிரப்பினால் ஏறக்குறைய 4 கிராம். உங்கள் கரண்டியில் வழக்கமாக எடுப்பதுபோல் சீனியை எடுத்து அந்த மூடியில் கொட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டி எவ்வளவு நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இதற்குப் பிறகு குறைப்பதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாம்பனிலிருந்து வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர், வயது 48, நாலு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கரையோரக் கடையில் ஒரு டீ. கடலில் பிளாஸ்க்கிலிருந்து இரண்டு. கரை சேர்ந்து மீனை ஏலம் விட்ட பிறகு கடையில் ஒன்று. சாயங்காலம் வீட்டில் ஒன்று. ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் குவித்த கரண்டி இரண்டு, அதாவது 12 கிராம். ஒரு நாளைக்கு 60 கிராம். மாதத்துக்கு இவர் ஒருவருக்கு மட்டும், டீக்கு மட்டும், 1.8 கிலோ சீனி.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்பது அது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். வலை இழுக்கிறவருக்கு உணவு கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் வரம்பும் கொஞ்சம் ஏறும். அப்படி ஏற்றிப் பார்த்தாலும், டீ மட்டுமே அவருடைய பங்கில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அதுவும் சர்க்கரை நோய் இருக்கிறவருக்கு.

வீட்டுக் கணக்குத் தெரிய வேண்டுமா? புதிதாக ஒரு கிலோ சீனியை டப்பாவில் கொட்டும்போது மூடியில் தேதியை எழுதி ஒட்டுங்கள். தீர்ந்த நாளைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் அது எட்டு நாளில் தீர்ந்தால், ஒரு நாளைக்கு 125 கிராம், தலைக்கு 31 கிராம். கடையில் குடிக்கும் டீ இதில் சேராது. இந்த மூடித் தேதியை நான் பெரிதும் நம்புகிறேன். "குறைச்சுட்டோம்" என்று வாய் சொல்வது உண்மையா என்பதை அடுத்த கிலோ காட்டிவிடும்.

எப்படிக் குறைப்பது என்பதற்கு முன், டீ ஏன் அவ்வளவு சீனி கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் குற்றவாளி நாக்கு அல்ல, டீ போடும் முறை. தண்ணீர், பால், தூள், சீனி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பத்து நிமிடம் பொங்கப் பொங்கக் கொதிக்க விடுகிறோம். தூள் கொதிக்கும் நேரம் கூடக் கூட, முதலில் வரும் மணத்துக்குப் பின்னால் துவர்ப்பும் கசப்பும் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் இரண்டாவது கரண்டி போகிறது. டீயை மாற்றாமல் சீனியை மட்டும் குறைத்தால் மிஞ்சுவது கசப்பு. மூன்றாம் நாள் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார்கள். மனஉறுதி இல்லாததால் அப்படி நடக்கவில்லை, டீ நன்றாக இல்லாததால்தான்.

இரண்டு டம்ளர் டீக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள். 150 மி.லி. தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். தலை தட்டி இரண்டு டீஸ்பூன் தூள் போட்டு, தீயைக் குறைத்து ஒரு நிமிடம். அடுப்பை அணைத்து, மூடி வைத்து இரண்டு நிமிடம். இதற்குள் 100 மி.லி. பாலைத் தனியாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். சாயத்தை வடிகட்டிச் சூடான பாலில் ஊற்றி, இரண்டு தடவை ஆற்றினால் போதும். நம் கடைகளில் விற்கும் டஸ்ட் தூள் மிகப் பொடியானது, சாயம் இறங்க அதற்கு மூன்று நிமிடமே தாராளம். வடிகட்டியில் நிற்கும் சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள், துவர்ப்பு அங்கேதான் மிச்சமிருக்கிறது. பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், சீனி குறைக்கும் முதல் சில வாரங்களில் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாலை ஒரு மடக்கு கூட்டினால் தவறில்லை.

இஞ்சியோ ஏலக்காயோ சேர்த்தால் சீனி குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு டம்ளருக்கு ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டால் போதும். பச்சை இஞ்சியைப் பாலில் நேரே போடாதீர்கள், இஞ்சியில் இருக்கும் ஒரு நொதி பாலைத் திரித்துவிடும். தண்ணீரில் முதலிலேயே போட்டு இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறகு பால் சேர்க்கலாம்.

நம் கரைக்கே உரிய ஒரு சங்கதி தண்ணீர். கடலோரக் கிணறும் போர் தண்ணீரும் பல இடங்களில் உவர்ப்பு. சோற்றுக்கும் குடிக்கவும் நல்ல தண்ணியைக் குடம் குடமாகச் சேர்த்து வைத்துவிட்டு, "கொதிக்கிறதுதானே" என்று டீக்கு மட்டும் உப்புத் தண்ணியை ஊற்றுகிற வீடுகள் உண்டு. உவர்ப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீரில் சாயம் கறுப்பாக இறங்கும், மணம் வராது. மணம் வரவில்லையே என்று தூளைக் கூட்டுவோம், கொதிக்க விடுவோம், கசக்கும், சீனி போடுவோம். பால் சேர்க்காத டீயை இரண்டு தண்ணீரிலும் ஒவ்வொரு டம்ளர் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் போட்டது மங்கிக் கறுத்திருக்கும், ஆறும்போது மேலே மெல்லிய ஏடு படியும். இரண்டு டம்ளர் டீக்குத் தேவைப்படுவது 150 மி.லி. நல்ல தண்ணிதான், அதைச் செலவழிக்கலாம்.

டீ சரியான பிறகு சீனிக்கு வருவோம். பாத்திரத்தில் சீனி போடுவதை முதலில் நிறுத்துங்கள். எல்லோருக்கும் சேர்த்துக் கொட்டினால் யாருக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது. அவரவர் டம்ளரில் தனித்தனியாகப் போட்டு, நன்றாகக் கலக்கிவிடுங்கள். சரியாகக் கலக்காவிட்டால் முக்கால் டம்ளர் வரை சப்பென்று இருக்கும், கடைசி மடக்கில் பாகு போல இனிக்கும். "சீனி பத்தல" என்ற குறை பாதி நேரம் இதனால்தான் வருகிறது.

நம் பாம்பன்காரருக்கு 12 கிராமிலிருந்து தொடங்குகிறோம். முதல் வாரம் ஒரு குவித்த கரண்டியும் ஒரு தலை தட்டிய கரண்டியும், அதாவது 10 கிராம். இரண்டாம் வாரம் இரண்டுமே தலை தட்டியது, 8 கிராம். இங்கேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, இன்னும் அவர் "ரெண்டு கரண்டி"தான் குடிக்கிறார். மூன்றாம் வாரம் ஒன்றரை, நாலாம் வாரம் ஒன்று, ஐந்தாம் வாரம் அரை. ஒரு படியில் டீ பிடிக்காமல் போனால் அந்தப் படியிலேயே இன்னொரு வாரம் நில்லுங்கள், மேலே ஏறாதீர்கள். ஒரேயடியாக நிறுத்தி வெற்றி பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஐந்து டீயும் ஒன்றாக இறங்க வேண்டும். வீட்டு டீயை ஒரு கரண்டிக்குக் கொண்டுவந்துவிட்டு, கடை டீயைப் பழைய அளவில் வைத்திருந்தால், நாக்கு கடை டீயையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். வீட்டு டீ என்றைக்கும் ருசிக்காது. நாக்கு பழக வாரங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். பழகியதற்கு அடையாளம், யாராவது தெரியாமல் பழைய அளவு போட்டுக் கொடுத்தால் திகட்டும்.

கடையில் "மாஸ்டர், சீனி கம்மி" என்று சொன்னால் அதற்கு அளவு கிடையாது. கிளாஸில் சீனியை முதலில் தட்டிவிட்டுத்தான் பாலும் டிக்காஷனும் ஊற்றுகிறார்கள். பஸ் வந்து நிற்கும் நேரத்தில், படகுகள் கரை சேரும் நேரத்தில், மாஸ்டர் கை பழக்கத்துக்குப் போட்டுவிடும். அதைவிடத் தெளிவான வழி: "அண்ணே, சீனி போடாமக் குடுங்க, கரண்டியும் சீனியும் இப்படி வைங்க, நான் போட்டுக்கிறேன்." இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் ஆளைப் பார்த்ததுமே அவரே அப்படி வைத்துவிடுவார். ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "பால்ல சீனி கலந்திருக்கா?" கூட்டம் அதிகமுள்ள சில கடைகளில் பால் சட்டியிலேயே சீனியைக் கரைத்து வைத்திருப்பார்கள். அங்கே "சீனி இல்லாம" என்று கேட்டு வாங்கினாலும் இனிப்பு வரத்தான் செய்யும். அந்தக் கடையில் பால் இல்லாத டீ கேளுங்கள், அல்லது கடையை மாற்றுங்கள். பார்சல் டீயும் அப்படியே, வாங்கும்போதே சீனி இல்லாமல் கட்டச் சொல்ல வேண்டும்.

பிளாஸ்க் டீயில் வேறொரு பொறி இருக்கிறது. கடலுக்குக் கொண்டுபோவது கெடக்கூடாது என்று பாலுக்குப் பதில் பால் பவுடர் போடுகிறார்கள். டீக்கென்று விற்கும் பால் பவுடர்கள் பலவற்றில் சீனி சேர்த்தே வருகிறது. பாக்கெட்டின் பின்புறம் உட்பொருள் பட்டியலில் சர்க்கரை என்று இருக்கிறதா, சத்து அட்டவணையில் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எத்தனை கிராம் என்று பாருங்கள். 100 கிராமுக்கு 18 கிராம் என்று போட்டிருந்து, ஒரு டம்ளருக்கு 10 கிராம் பவுடர் போட்டால், கரண்டியைத் தொடுவதற்கு முன்பே கிட்டத்தட்ட 2 கிராம் சீனி உள்ளே போய்விட்டது. சீனி சேர்க்காத பால் பவுடரும் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெந்நீர் ஊற்றினால் டீ ஆகிவிடும் ரெடிமேட் பாக்கெட்டுகளை நான் இந்த ஐந்து வாரத்துக்குள் சேர்க்கவே மாட்டேன், அதில் அளவு நம் கையில் இல்லை. கண்டென்ஸ்டு மில்க்கில் ஏறக்குறைய பாதி சீனிதான்.

அடுத்த கேள்வி எப்போதும் கருப்பட்டி பற்றித்தான் வரும். சாயல்குடிப் பக்கம் பனை நிறைந்த ஊர்கள், கருப்பட்டி நம் மண்ணின் பொருள், அதன் மணத்துக்கு ஈடு கிடையாது. கருப்பட்டியில் தாதுக்களும் இருக்கின்றன. ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ஒரு டம்ளருக்குப் போடும் துண்டில் வரும் தாது மிகக் கொஞ்சம், சர்க்கரையோ ஏறத்தாழ முழு அளவு. இனிப்புச் சற்றுக் குறைவாகத் தெரிவதால் துண்டைப் பெரிதாக உடைத்தும் போட்டுவிடுகிறோம். சர்க்கரை நோய் இருக்கிறவருக்குக் கருப்பட்டி டீ, சீனி டீ இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் தேனுக்கும் இதே பதில். சர்க்கரை நோய் இல்லாதவர் ருசிக்காகக் கருப்பட்டி போட விரும்பினால், தட்டிப் பொடியாக்கி அதே 5 மி.லி. மூடியால் அளந்து போடுங்கள். பால் கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிடக்கூடும், இறக்கிய பிறகு சேருங்கள்.

கலோரி இல்லாத இனிப்பு மாத்திரைகளை ஓரிரு மாதத்துக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்வதில் எனக்கு எதிர்ப்பில்லை, ஆனால் முதலில் அதைச் சொல்ல மாட்டேன். நாக்கு பழைய இனிப்பிலேயே நின்றுவிடுகிறது. எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. அஸ்பார்டேம் வகையைக் கொதிக்க வைத்தால் இனிப்புப் போய்விடும், இறக்கிய பிறகுதான் போட வேண்டும்.

இனி மாத்திரை விஷயம். நம் பாம்பன்காரர் மெட்பார்மினோடு கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை அப்படியல்ல. இவர் விடியுமுன் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் டீயோடு வள்ளம் ஏறுகிறார். சோறு ஒன்பது மணிக்குத்தான். இதுவரை சர்க்கரை தாழாமல் காத்து வந்தது அந்த டீயிலிருந்த சீனி. அதை எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே விட்டால், நடுக்கடலில் சர்க்கரை இறங்கிவிடக்கூடும். ஆகவே இவர் முதல் படியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் இரண்டைக் கேட்க வேண்டும்: மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா, அதை முதல் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாமா என்று. தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. விடியுமுன் டீயோடு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் பழைய சோறோ உள்ளே போனால், அந்த டீயின் சீனி செய்த வேலையைச் சோறு இன்னும் நன்றாகச் செய்யும்.

சர்க்கரை தாழ்ந்தால் குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், பசி பிடுங்கும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். கடலில் இது வெயில் வியர்வை என்றோ பித்தம் என்றோ தோன்றி ஏமாற்றிவிடும். குளுக்கோமீட்டர் இருந்து, 70-க்குக் கீழே காட்டினால் சந்தேகமே இல்லை. மீட்டர் இல்லாவிட்டால் தாழ்ந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 15 கிராம் சீனியை, அதாவது தலை தட்டிய கரண்டி நாலு, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பொறுத்து, தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். இனிப்பு மாத்திரை இந்த நேரத்தில் எதற்கும் உதவாது, அதில் சர்க்கரையே இல்லை. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கரையில் என்றால் 108, கடலில் என்றால் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைத்துக்கொண்டே வள்ளத்தைத் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு கரண்டி சீனி இருக்கும்படி மூன்று பொட்டலம் கட்டி, தண்ணீர் புகாத பையில் போட்டு வள்ளத்தில் வைத்திருங்கள். கூட வருகிறவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு நம்மவருடைய கணக்கு: டீக்கு 2 கிராம், ஐந்து டீக்கு 10 கிராம். 60-இலிருந்து 50 கிராம் குறைந்திருக்கிறது, அது 200 கலோரி. டீ சப்பென்று இருக்கிறதென்று கூடவே நாலு பிஸ்கட்டும் ஒரு பன்னும் சேர்ந்துகொண்டால் அந்த 200 திரும்பி வந்துவிடும். ஆகவே இந்த ஐந்து வாரத்தில் டீயோடு வரும் கடியையும் கவனியுங்கள். கடிக்க ஏதாவது வேண்டும் என்றால் ஒரு கைப்பிடி அவித்த சுண்டலோ வேர்க்கடலையோ நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கை: சீனியே இல்லாத டீயிலும் பாலின் சர்க்கரை இருக்கிறது, 50 மி.லி. பாலுக்கு இரண்டரை கிராம் அளவில். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்றால், "சீனி போடாத டீதானே" என்று குடித்துவிட்டுப் போகாதீர்கள், பரிசோதனை கெட்டுவிடும்.

அரைக் கரண்டியையும் விட்டே ஆக வேண்டுமா என்று கேட்பார்கள். விட முடிந்தால் விடுங்கள். முடியாவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளலாம். ஒரு நாளைக்கு 10 கிராம் என்பது அவர் தன் மருத்துவரிடம் சொல்லிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக்கூடிய அளவுதான். மூன்று மாதம் கழித்து, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை செய்து பார்த்து, மாத்திரையின் அளவை அப்போது மருத்துவர் மறுபடி முடிவு செய்யட்டும்.